மூடப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: பெற்றோர் வீட்டு மாடியில் சூரிய மின் அமைப்பு நிறுவிய ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

வெளிநாட்டில் வேலை செய்யும் ஒருவர், தம் பெற்றோர் வீட்டு மொட்டை மாடியில் சூரிய மின் அமைப்பு நிறுவ ஏற்பாடு செய்தார். பணம் அவருடையது. விடுப்பு கிடைக்காததால் வேலை நடக்கும் நாட்களில் ஊருக்கு வர முடியவில்லை. தந்தைக்கு எழுபது வயதுக்கு மேலாகிவிட்டது. மாடிப்படி ஏறுவது சிரமம். பக்கத்தில் குடியிருக்கும் தம்பிதான் காலையிலும் மாலையிலும் மாடிக்குப் போய்ப் பார்க்க முடியும். அவருக்கு மின்சாரத் துறையில் பயிற்சி எதுவும் இல்லை.

அமைப்பு எளிமையானது. 545 வாட் பேனல்கள் எட்டு, அவை அனைத்தும் ஒரே வரிசையாக இணைக்கப்பட்டு 4 கிலோவாட் இன்வெர்ட்டருக்குப் போகின்றன. பேட்டரி கிடையாது. பேனல்களைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு ஆறு கால்கள். மாடி, கான்கிரீட் தளம். அதன் மேல் மழைநீர் வடிவதற்காகச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சரிவாகப் போட்ட பழைய அடுக்கு ஒன்று இருந்தது. இந்த அடுக்குதான் பின்னால் பெரிய பிரச்சினையானது.

கட்டி முடித்த அமைப்புகளைப் பரிசோதிப்பது என் தொழில். மழைக்காலத்தில் ஏற்பட்ட ஒரு பழுதைப் பார்க்க என்னை அழைத்தபோது, அண்ணன் அனுப்பிய செய்தியையும் தம்பி எடுத்து வைத்திருந்த படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். வேலை நடந்த விதம் முழுவதும் அவற்றில் பதிவாகியிருந்தது. என் வேலையில் இப்படி ஒரு பதிவு கிடைப்பது அரிது. இரு சகோதரர்களின் சம்மதத்துடன் இதை எழுதுகிறேன்.

அண்ணன் அனுப்பிய செய்தி

செய்தியின் தொடக்கம் இது:

"தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ மின் இணைப்பு எதையும் கழற்றாதே, மாட்டாதே, அளக்காதே. வெயில் இருக்கும்வரை அந்தக் கம்பிகளில் மின்சாரம் இருக்கும்; வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தாலும் இருக்கும். அளப்பது அவர்கள் வேலை. மீட்டர் காட்டும் எண்ணைப் படம் எடுப்பது மட்டும் உன் வேலை."

எச்சரிக்கையை முதல் வரியிலேயே வைத்ததை நான் மதிக்கிறேன். பேனலிலிருந்து வருவது நேர்மின்சாரம். அது ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு கனெக்டரைப் பிரித்தால் இடைவெளியில் தீப்பொறி எழும். மாறுமின்சாரம் நொடிக்குப் பல முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருவதால் அதில் எழும் பொறி அணைய வாய்ப்பு உண்டு. நேர்மின்சாரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. பொறி எரிந்துகொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகு வந்த பட்டியலை அண்ணன் ஒரு கேள்வியை வைத்து ஒழுங்குபடுத்தியிருந்தார்: எந்தப் பொருள் எப்போது கண்ணிலிருந்து மறையும்? சட்டத்தின் கால்கள் நடப்பட்டு மேலே சிமெண்ட் பூசிவிட்டால் துளையின் ஆழம் யாருக்கும் தெரியாது. பேனலைச் சட்டத்தில் கவ்விவிட்டால் பின்புறமுள்ள வரிசை எண்ணும் கனெக்டர்களும் மறைந்துவிடும். இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கிவிட்டால் வரிசையின் மின்னழுத்தத்தைத் தனியாக அளக்க மறுபடி நிறுத்த வேண்டும். ஆகவே மூன்று இடங்களில் வேலையைச் சற்று நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்று ஒப்பந்ததாரரிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கியிருந்தார். கடைசித் தவணையாக மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை முதல் மழைக்குப் பிறகு தருவதாகவும் ஒப்பந்தத்தில் இருந்தது.

முதல் நிறுத்தம்: கால்களுக்கான துளைகள்

செய்தியில் இந்தப் பகுதி இப்படி இருந்தது:

"அவர்கள் அனுப்பிய வரைபடத்தில், ஒவ்வொரு போல்ட்டும் கான்கிரீட்டுக்குள் 80 மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. மாடியின் மேற்பரப்பிலிருந்து 80 அல்ல, கான்கிரீட்டுக்குள் 80. துளை போட்டதும் ஒரு மெல்லிய கம்பியை விட்டு ஆழத்தை அள. டிரில் வெளியே தள்ளும் தூளையும் பார். செங்கல் நிறத்தில் வரும்வரை அது மேல் அடுக்குதான். சாம்பல் நிறத்துக்கு மாறிய பிறகுதான் கான்கிரீட்."

முதல் காலுக்கு நான்கு துளைகள் போட்டிருந்தார்கள். தம்பி கம்பியை விட்டு அளந்த படம் இருக்கிறது: 90 மில்லிமீட்டர். கேட்டவுடன் திருப்தியாகத் தோன்றும் எண் அது. 80 கேட்டோம், 90 இருக்கிறது. ஆனால் துளையைச் சுற்றிக் குவிந்திருந்த தூளில் பெரும்பகுதி சிவப்பு, மேலே மட்டும் மெல்லிய சாம்பல் படலம். அடுத்த துளையைப் போடும்போது நிறம் மாறிய இடத்தில் டிரில்லை நிறுத்தச் சொல்லித் தம்பி மறுபடி அளந்தார். மேல் அடுக்கு மட்டுமே 75 மில்லிமீட்டர். அப்படியானால் 90 மில்லிமீட்டர் துளையில் கான்கிரீட்டுக்குள் இருந்தது 15 மட்டும்.

செங்கல் ஜல்லி அடுக்கு, வெயிலையும் மழையையும் தாங்கப் போட்டது. அதற்கு இழுவையைத் தாங்கும் வலு கிடையாது. பேனல்கள் கனமானவை, காற்று தூக்காது என்று அங்கிருந்த பணியாளர் ஒருவர் சொன்னதாகத் தம்பி குறித்திருக்கிறார். பலரும் நம்பும் கருத்து அது. ஒரு சிறு கணக்கு போட்டாலே தவறு என்று தெரிந்துவிடும். காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரில் விழும் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும். புயலில் 40 மீட்டர் வேகம் என்று கொண்டால் 960 நியூட்டன். எட்டுப் பேனல்களின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர மீட்டர். ஆக, தூக்கும் விசை தோராயமாக இரண்டு டன் எடைக்குச் சமம். பேனல் ஒன்று 28 கிலோ, எட்டும் சேர்ந்து 224 கிலோ. சரியான வடிவமைப்பில் சாய்வு, கட்டட உயரம், மாடி ஓரத்திலிருந்து தூரம் எல்லாம் சேர்ந்து இந்த எண்ணை மாற்றும். ஆனால் எடை அதை அடக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. அந்த விசை ஆறு கால்களின் வழியாகப் போல்ட்டுகளில்தான் இறங்கும்.

படங்கள் அண்ணனுக்குப் போயின. வேலை நின்றது. அப்போது இரண்டு வழிகள் பேசப்பட்டன. ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர், நீளமான போல்ட் போட்டு இரண்டு அடுக்குகளையும் துளைத்து இறக்கலாம் என்றார். ஆழம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அப்படிச் செய்தால் கால்தகடு அந்தப் பலவீனமான அடுக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது, மேலே 75 மில்லிமீட்டர் நீளத்துக்கு போல்ட்டுக்குப் பிடிப்பு இருக்காது. அது வளைந்து வளைந்து துளையை அகலமாக்கும். அந்த வழியே நீர் இறங்கி இரண்டு அடுக்குகளுக்கும் இடையில் தேங்கும். கசிவு துளைக்குக் கீழேயே தெரியாமல், எங்கோ தள்ளி ஓர் அறையின் கூரையில் தெரியும். இந்த வகைக் கசிவின் மூலத்தைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

அண்ணன் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு காலுக்கும் மேல் அடுக்கைச் சதுரமாக வெட்டி எடுத்து, கான்கிரீட்டை வெளிப்படுத்தி, கால்தகட்டை அதன் மேலேயே வைத்துப் போல்ட் இறக்குவது. பிறகு அதைச் சுற்றிச் சிறு கான்கிரீட் பீடம் வார்த்து, பீடமும் பழைய அடுக்கும் சேரும் மூலைகளைச் சரிவாகப் பூசி நீர்த்தடுப்புக் கலவை அடிப்பது. நேரம் பிடிக்கும், தூசி பறக்கும். ஆனாலும் ஒப்பந்ததாரர் ஒத்துக்கொண்டார். அண்ணன் எழுதிய மறுமொழியில் தம் சொந்தக் கருத்து எதுவும் இல்லை. அவர்களுடைய வரைபடத்தின் அந்த வரியை மட்டும் எடுத்து வைத்திருந்தார். அதை மறுக்க அவர்களால் முடியவில்லை.

புதிய துளைகளில் இன்னொன்றையும் தம்பி கவனித்தார். போல்ட்டைப் பிடித்துவைக்கும் ரசாயனப் பசை ஊற்றுவதற்கு முன் துளைக்குள் உள்ள தூளைக் காற்றடித்து, தூரிகையால் தேய்த்து, மறுபடி காற்றடிக்க வேண்டும். தூள் இருந்தால் பசை தூளைத்தான் பிடிக்கும், கான்கிரீட்டைப் பிடிக்காது. முதல் நாளில் வாயால் ஊதியிருந்தார்கள். இந்த முறை கைப்பம்பும் தூரிகையும் வந்தன.

இரண்டாம் நிறுத்தம்: பேனலின் பின்புறம்

பேனல்களைத் தூக்குவதற்கு முன் ஒவ்வொன்றின் பின்புறமுள்ள சீட்டையும் தம்பி படம் எடுத்து, விலைப்பட்டியலில் இருந்த வரிசை எண்களுடன் ஒப்பிட்டார். எட்டும் பொருந்தின. உத்தரவாதம் கேட்டுப் போகும் நாளில் முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான். கவ்விய பிறகு அதைப் படிக்க மாடியில் படுத்துத் தேட வேண்டியிருக்கும்.

கனெக்டர்களில் குறை கிடைத்தது. பேனலோடு வரும் கம்பிகளில், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து பூட்டிக்கொள்ளும் எம்சி4 வகைக் கனெக்டர் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஒரு பேனலை அடுத்த பேனலுடன் இணைக்கும்போது இரு பாதிகளும் ஒரே நிறுவனத்தில் செய்தவை. அங்கே சிக்கல் குறைவு. வரிசையின் இரு முனைகளிலும், இன்வெர்ட்டருக்குப் போகும் நீளக் கம்பியைச் சேர்க்கும் இடத்தில் மட்டும், ஒரு பாதி தொழிற்சாலையில் செய்தது, மறு பாதி மாடியில் உட்கார்ந்து பணியாளர் பொருத்தியது. அண்ணனின் செய்தி அந்த இரண்டு இணைப்புகளைத் தனியே குறிப்பிட்டிருந்தது: "இரண்டு பாதியிலும் பிளாஸ்டிக்கில் அச்சாகியிருக்கும் பெயரைப் பார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்."

ஒன்றாக இல்லை. எம்சி4 என்றால் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று பணியாளர்கள் சொன்னார்கள். உள்ளே நுழையும், சொடுக்கென்று பூட்டிக்கொள்ளும் என்பதுவரை அது சரிதான். ஆனால் உள்ளிருக்கும் ஊசியின் விட்டம், அதைப் பற்றும் சுருளின் இறுக்கம், மேற்பூச்சு ஆகியவை நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது வேறுபடும். அந்தச் சிறு வேறுபாட்டால் தொடுமிடத்தில் மின்தடை கூடுகிறது. பகலில் 13 ஆம்பியர் வரை மின்னோட்டம் ஓடும்போது அங்கே சூடு பிறக்கிறது. சூட்டில் பிளாஸ்டிக் தளர்கிறது, ஈரம் நுழைகிறது, தடை மேலும் கூடுகிறது. பல மாதங்கள் எந்த அறிகுறியும் தெரியாமல் போய், ஒருநாள் கருகிய வாசனையாக வெளிப்படும். நான் பார்த்த எரிந்த இணைப்புகளில் இந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறது. கலந்து மாட்டியதற்குக் கனெக்டர் செய்த இரு நிறுவனங்களுமே பொறுப்பேற்பதில்லை.

பேனலில் இருந்த அதே நிறுவனத்தின் கனெக்டர்களை வாங்கிவரச் சொன்னார் அண்ணன். அவை வரும்வரை எட்டுப் பேனல்களும் சட்டத்தில் கிடந்தன, முனைகள் இணைக்கப்படவில்லை. மறுநாள் பழையவற்றை வெட்டியெறிந்து புதியவற்றைப் பொருத்தினார்கள். செம்புக் கம்பியை ஊசியின் வாலோடு நெரித்து இறுக்குவதற்கென்று தனிக் கருவி உண்டு. சாதாரணக் குறடு போதாது. கருவி கையில் இருக்கும் நிலையில் தம்பி எடுத்த படமும், இறுக்கிய பிறகு பணியாளரே கம்பியை இழுத்துக் காட்டும் படமும் பதிவில் உள்ளன.

எர்த் இணைப்பில் குறையில்லை. பேனல் சட்டகத்தின் அலுமினியத்தின் மேல் மின்சாரம் கடத்தாத மெல்லிய பூச்சு இருக்கும். பல் உள்ள வாஷர் அதைக் குத்திக் கிழித்தால்தான் தொடர்பு கிடைக்கும். எட்டுச் சட்டகங்களுக்கும் எர்த் பட்டைக்கும் இடையே அளந்தபோது எங்கும் ஒரு ஓமைத் தாண்டவில்லை.

மூன்றாம் நிறுத்தம்: இன்வெர்ட்டரை இயக்குவதற்கு முன்

ஒவ்வொரு பேனலின் சீட்டிலும் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதனுடனும் இணைக்காதபோது இருக்கும் மின்னழுத்தம், 49.6 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. எட்டும் சேர்ந்தால் 397. ஆனால் அந்த எண் பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது உரியது. வெயிலில் பேனல் 55 டிகிரிக்கு எளிதாகப் போகும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.27 விழுக்காடு குறையும் என்பதால், மாடியில் எதிர்பார்க்க வேண்டியது 365 வோல்ட்டை ஒட்டிய அளவு. அண்ணன் இந்தக் கணக்கைப் போட்டுத் தம்பிக்கு அனுப்பியிருந்தார். இல்லாவிட்டால் 397 வரவில்லையே என்று வீண் வாக்குவாதம் நடந்திருக்கும்.

மீட்டர் காட்டியது 362. நேர், எதிர் முனைகளும் சரியாக இருந்தன. 350ஐ ஒட்டி வந்திருந்தால் நான் கவலைப்பட்டிருப்பேன். ஒரு பேனலுக்குள் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு டையோடு. ஒரு டையோடு பழுதாகிக் குறுக்குச் சுற்றானால் அந்தப் பகுதியின் 15 வோல்ட் முழுவதும் காணாமல் போகும். வெயிலின் ஏற்ற இறக்கத்தால் மின்னழுத்தம் அவ்வளவு மாறாது; அதனால் பேனலின் சூட்டைக் கணக்கில் எடுத்த பிறகும் 15 வோல்ட் குறைந்தால் அது சந்தேகிக்க வேண்டிய அடையாளம்.

பிறகு இன்வெர்ட்டரை இயக்கி, வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். இன்வெர்ட்டர் உடனே நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும். தெருக்கம்பியில் வேலை செய்பவரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. மின்வெட்டில் விளக்கு எரியும் என்று அம்மா நினைத்திருந்தார். பேட்டரி இல்லாமல் அது நடக்காது என்று தம்பி அன்றுதான் அவருக்குச் சொன்னார்.

இன்வெர்ட்டரின் செயலிக் கணக்கை ஒப்பந்ததாரர் தம் பெயரில் தொடங்க முயன்றார். அண்ணன் அதை மறுத்து, உரிமையாளராகத் தந்தையின் மின்னஞ்சலைப் போட்டு, ஒப்பந்ததாரரைப் பராமரிப்பாளராக மட்டும் சேர்த்தார்.

மழைக்குப் பின்

முதல் பெருமழை வந்தது. கூரையில் எங்கும் கசிவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை, வழக்கமாகச் சூரியன் எழுந்து சற்று நேரத்தில் ஓடத் தொடங்கும் இன்வெர்ட்டர், பத்து மணி நெருங்கும்வரை நின்றிருந்தது. செயலியில் மின்காப்பு குறைவு என்ற எச்சரிக்கை. நண்பகலில் எல்லாம் சரியாகிவிட்டது. மறுபடி மழை பெய்ததும் அதே கதை. வீட்டில் யாரும் இதைக் கவனிக்கவில்லை. அண்ணன்தான் வெளிநாட்டிலிருந்து செயலியின் வரைகோட்டில் காலைப் பகுதி வெட்டுப்பட்டிருப்பதைக் கண்டார். அப்போதுதான் என்னை அழைத்தார்கள்.

இவ்வகை இன்வெர்ட்டர்கள் ஒவ்வொரு காலையும் ஓடத் தொடங்கும் முன், பேனல் கம்பிகளுக்கும் பூமிக்கும் இடையிலான காப்பைச் சோதிக்கும். எங்காவது ஈரம் பாலமாக நின்றால் ஓட மறுக்கும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் ஓடும். மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் வரும் பழுது என்றால் நீர் நுழையும் இடத்தைத் தேட வேண்டும்.

கனெக்டர்கள் சட்டத்தில் உயரமாகக் கட்டப்பட்டு உலர்ந்திருந்தன. நீர் நுழைந்த இடம் வேறு. பேனலிலிருந்து வரும் கம்பிகள் பிவிசி குழாய்க்குள் நுழைந்து கீழே இறங்குகின்றன. மாடியில் அந்தக் குழாயின் வாய் வானத்தைப் பார்த்திருந்தது. மழை நேராக உள்ளே விழுந்து, குழாய் வழியே இறங்கி, கீழே சுவரில் நேர்மின்சாரக் கம்பிகள் வந்து சேரும் டிசி பெட்டியின் மேற்புறத் துளை வழியே உள்ளே சொட்டியிருந்தது. பெட்டியைத் திறந்தபோது கம்பி நுழையும் ரப்பருக்குக் கீழே பழுப்பு நிறக் கோடு ஒன்று, அதன் முடிவில் இணைப்புத் திருகின் மேல் பச்சை படரத் தொடங்கியிருந்தது.

கடைசித் தவணை நிலுவையில் இருந்ததால் ஒப்பந்ததாரர் தாமதமின்றி வந்தார். குழாயின் வாயில் வளைவுப் பகுதி பொருத்திக் கீழ்நோக்கித் திருப்பினார்கள். கம்பி உள்ளே நுழையும் முன் சிறிது தொங்கி மேலேறும்படி விட்டார்கள். கம்பியில் வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பெட்டிக்குள் கம்பிகள் அடிப்புறத்திலிருந்து நுழையுமாறு மாற்றி, பச்சை படர்ந்த இணைப்புத் திருகையும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு பெய்த மழைகளில் இன்வெர்ட்டர் உரிய நேரத்தில் ஓடத் தொடங்கியது. தவணை செலுத்தப்பட்டது.

செய்தியில் மாற்ற வேண்டியவை

அண்ணனின் பட்டியல் பேனலின் பின்புறத்தில் முடிந்து, இன்வெர்ட்டரில் மறுபடி தொடங்குகிறது. இடையில் கம்பி போகும் வழி அதில் இல்லை. மூன்று நிறுத்தங்களுக்கும் இடைப்பட்ட நேரத்தில், தம்பி வேலைக்குப் போயிருந்தபோது, அந்தக் குழாய் போடப்பட்டது. இப்படி ஒரு செய்தியை இன்னொருவர் எழுதுவதானால், பேனலிலிருந்து பெட்டிவரை கம்பியை விரலால் தொடர்வது போல் ஒவ்வொரு திருப்பத்தையும் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு படத்திலும் ஒரே கேள்விதான்: மேலிருந்து வழியும் நீர் இங்கே வந்தால் எங்கே போகும்?

இரண்டாவது மாற்றத்தைத் தம்பியே சொன்னார். பட்டியலில் இருந்த எல்லாம் ஒரே குரலில் எழுதப்பட்டிருந்தன. எதற்காக வேலையை நிறுத்தலாம், எதைப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. துளை ஆழத்தைக் கண்டபோது நிறுத்தச் சொல்லத் தயங்கி, அண்ணன் விழிக்கும்வரை காத்திருந்திருக்கிறார். நேர வேறுபாட்டால் அந்த இடைவெளியில் இரண்டாம் காலுக்கும் துளை போட்டுவிட்டார்கள். போல்ட் ஆழம், கனெக்டர் பொருத்தம், மின்னழுத்தம், முனைகள், நீர் நுழையும் வழி ஆகிய ஐந்தில் குறை கண்டால் யாரையும் கேட்காமல் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைத் தம்பிக்குக் கொடுத்து, அதை ஒப்பந்ததாரருக்கும் முன்பே எழுதித் தந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டியது. மேல் அடுக்கின் தடிமனை அறிய, கால் வரும் ஓர் இடத்தில் ஒரு சோதனைத் துளை போட்டிருந்தால் போதும். கால்களின் வடிவமைப்பு அந்த அளவுக்கு ஏற்பவே வந்திருக்கும். பீடத்துக்கான செலவு விலைப்புள்ளியிலேயே சேர்ந்திருக்கும். அண்ணன் இப்போது தம் நண்பர் ஒருவருக்காக இந்தப் பட்டியலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். அதில் சோதனைத் துளை முதல் வரியாகவும், குழாயின் வாய் ஆறாவது வரியாகவும் இருக்கின்றன.